துணி பராமரிப்பு லேபிள்

துணி பராமரிப்பு லேபிள் என்பது ஆயத்த ஆடைகளின் உட்புறத் தையலில் பிடித்துத் தைக்கப்படும் சிறு பட்டை. துவைத்தல், வெளுத்தல், உலர்த்தல், இஸ்திரி போடுதல், கடைச் சலவை ஆகிய ஐந்தையும் அந்த ஆடை எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைக் குறிகளாலும் சில சொற்களாலும் அது தெரிவிக்கிறது. சட்டையிலும் டி-சர்ட்டிலும் பெரும்பாலும் இடது விலாத் தையலில் இருக்கும். திருப்பூர்ப் பனியன் தொழிலில் இதை 'வாஷ் கேர் லேபிள்' என்பார்கள்.

இந்தப் பட்டையைப் படிப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அதில் உள்ள ஒவ்வொரு குறியும் ஓர் உச்ச வரம்பு என்பது. தொட்டிப் படத்துக்குள் 40 என்று இருந்தால் 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்நீர் கூடாது என்று பொருள். குழாய்த் தண்ணீரில் துவைப்பதற்கு அதில் தடை ஏதும் இல்லை. இரண்டாவது விஷயம், அந்த வரம்பைத் தீர்மானிப்பது ஆடையிலேயே மிகவும் பலவீனமான பொருள். வெள்ளைப் பருத்தித் துணி கொதிநீரையும் தாங்கும். அதே பருத்திக்குச் சிவப்புச் சாயம் ஏற்றி, ஐந்து சதவீதம் எலாஸ்டேன் இழை கலந்து, மார்பில் ரப்பர் போன்ற பிரிண்ட் ஒன்றை ஒட்டிவிட்டால் லேபிளில் 30 அல்லது 40தான் வரும். சாயமும் எலாஸ்டேனும் பிரிண்டும் தாங்குவதைத்தான் லேபிள் சொல்கிறது. துணியின் பெயரை மட்டும் பார்த்து, 'காட்டன்தானே' என்று வெந்நீரில் ஊறவைப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

குறிகள்

இன்று உலகின் பெரும்பகுதியில் வழங்கும் குறிகள் ஐரோப்பாவில் உருவானவை. 1963இல் பாரிஸில் தொடங்கப்பட்ட ஜினெடெக்ஸ் என்ற அமைப்பு இவற்றைப் பரப்பியது. 1991இல் இவை ஐ.எஸ்.ஓ. 3758 என்ற உலகத் தரமாக வெளியாயின. அமெரிக்கா வேறு வழியில் வந்தது. அங்கே மத்திய வணிக ஆணையம் 1971இல் கொண்டுவந்த விதி, பராமரிப்பு முறையை ஆடையில் சொற்களால் எழுத வேண்டும் என்றது. சொற்களுக்குப் பதிலாகக் குறிகளை மட்டும் பயன்படுத்தலாம் என்ற அனுமதி 1997இல்தான் வந்தது. ஏற்றுமதிச் சட்டைகளில் படங்களும் ஆங்கில வாசகங்களும் சேர்ந்தே காணப்படுவது இந்த இரட்டை வரலாற்றால்தான்.

அடிப்படை வடிவங்கள் ஐந்து. தண்ணீர்த் தொட்டி துவைப்பதையும், முக்கோணம் பிளீச்சையும், சதுரம் உலர்த்துவதையும், இஸ்திரிப் பெட்டி இஸ்திரியையும், வட்டம் கடைச் சலவையையும் குறிக்கும். எந்த வடிவத்தின் மேலும் பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்த வேலையே கூடாது. வடிவத்தின் அடியில் ஒரு கோடு இருந்தால் மென்மையாகச் செய்ய வேண்டும், இரு கோடுகள் இருந்தால் மிக மென்மையாகச் செய்ய வேண்டும். புள்ளிகள் வெப்பத்தின் அளவைக் காட்டும். இஸ்திரிப் பெட்டியில் ஒரு புள்ளி என்றால் ஏறத்தாழ 110 டிகிரி, இரண்டு என்றால் 150, மூன்று என்றால் 200. தொட்டிக்குள் ஒரு கை இருந்தால் கையால் மட்டுமே அலச வேண்டும், தண்ணீரும் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது.

முக்கோணத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வெறும் முக்கோணம் என்றால் எந்த பிளீச்சும் போடலாம். உள்ளே இரு சாய்கோடுகள் இருந்தால் குளோரின் இல்லாத, ஆக்சிஜன் வகை பிளீச் மட்டும். வீட்டில் தரை துடைக்கவும் கழிவறை கழுவவும் வைத்திருக்கும் திரவ பிளீச் பெரும்பாலும் குளோரின் வகை. அது பருத்தியின் சாயத்தை வெளுக்கும், பட்டுத் துணியையும் கம்பளியையும் அரித்தே விடும்.

டம்பிள் டிரை

சதுரத்துக்குள் ஒரு வட்டம் இருந்தால் அது டம்பிள் டிரை, அதாவது சூடான காற்று வீசும் உருளைக்குள் துணியைப் புரட்டிப் புரட்டி உலர்த்துவது. வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தால் வெளியேறும் காற்று 60 டிகிரியைத் தாண்டக் கூடாது. இரண்டு புள்ளிகள் என்றால் 80 டிகிரி வரை போகலாம். துவைக்கும் இயந்திரங்களில் உள்ள 'ஸ்பின்' வேறு. அது துணியை வேகமாகச் சுழற்றித் தண்ணீரைப் பிழிவது மட்டுமே, அதில் சூடு இல்லை. டம்பிள் டிரை கூடாது என்று லேபிள் சொன்னாலும் ஸ்பின் போடத் தடையில்லை. முறுக்கிப் பிழியவே கூடாத ஆடைக்குத் தனிக் குறி உண்டு. சதுரத்துக்குள் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருந்தால், தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே கொடியில் போட வேண்டும்.

பருத்திப் பனியன் துணி டிரையரில் சுருங்குவதற்குச் சூடுதான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். சூட்டைவிடப் புரட்டலுக்கே அதில் பங்கு அதிகம். பனியன் துணி நூல் வளையங்களால் ஆனது. பின்னும் இயந்திரத்திலும், பிறகு சாயப்பட்டறையிலும், உலர்த்தும் இயந்திரத்திலும் துணி நீளவாக்கில் இழுபட்டுக்கொண்டே வருகிறது. வட்டமாக இருக்க வேண்டிய வளையங்கள் நீண்டு ஒடுங்கி நிற்கின்றன. நூலுக்கும் நூலுக்கும் உள்ள உராய்வு அவற்றை அந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீரில் நனைந்து அசையும்போது அந்தப் பிடி தளர்ந்து வளையங்கள் பழைய வடிவத்துக்குத் திரும்பத் தொடங்கும். நீளம் குறையும்.

கொடியில் தொங்கும் சட்டைக்கு அதன் ஈரத்தின் எடையே கீழ்நோக்கிய இழுப்பாக அமைந்து, சுருக்கத்தைப் பாதியில் தடுக்கிறது. டிரையரில் அந்த இழுப்பு இல்லை. ஈரம் முழுதும் போகும்வரை துணி தூக்கி எறியப்பட்டு விழுந்துகொண்டே இருப்பதால் வளையங்கள் போகக்கூடிய எல்லை வரை போய்விடும். ஒரே சட்டை கொடியில் உலரும்போது சுருங்குவதைவிட டிரையரில் அதிகம் சுருங்குவது இதனால்தான்.

இதை அளப்பது எளிது. துணியில் 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நீளவாக்கில் இரு அழியாத புள்ளிகளை வைக்கிறார்கள். அகலவாக்கிலும் அப்படியே. லேபிளில் எழுதப்போகும் முறையிலேயே துவைத்து உலர்த்தி, மீண்டும் அளக்கிறார்கள். 50 சென்டிமீட்டர் 47.5 ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள டி-சர்ட்டில் இது மூன்றரை சென்டிமீட்டர். போட்டுப் பார்த்தால் உடனே தெரிகிற அளவு. பனியன் துணிக்கு 5 சதவீதத்தை எல்லையாக வைப்பது வாங்குவோரிடம் பரவலான வழக்கம்.

அமெரிக்காவுக்குப் போகும் திருப்பூர்ச் சட்டை அங்கே பெரும்பாலும் டிரையரில்தான் காயும். அதனால் சோதனையும் டிரையரில் நடக்கிறது. அதைத் தாண்டுவதற்காகத் துணி வெட்டுமேசைக்கு வருவதற்கு முன்பே 'காம்பாக்டிங்' இயந்திரத்தில் ஏற்றப்படுகிறது. சூடான உருளைக்குள் துணியை அது வெளியேறும் வேகத்தைவிடச் சற்று அதிக வேகத்தில் ஊட்டி, வளையங்களை நீளவாக்கில் நெருக்கிவிடுகிறார்கள். சுருங்க வேண்டியது முன்கூட்டியே சுருங்கிவிடுகிறது. இந்தக் கட்டத்தில் நேரம் மிச்சம் பிடித்த துணி, லேபிளில் என்ன எழுதியிருந்தாலும், முதல் துவைப்பில் குட்டையாகும். 

தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் டிரையர் இல்லாததால் இந்தக் குறி தேவையற்றது என்று தோன்றலாம். அப்படி ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 'டம்பிள் டிரை கூடாது' என்ற குறி, சூட்டுக்கு அஞ்சும் பொருள் ஆடைக்குள் இருக்கலாம் என்பதற்கும் ஓர் அடையாளம். எலாஸ்டேன், ஒட்டு பிரிண்ட், கம்பளி, மெல்லிய லேஸ் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கக்கூடும். அத்தகைய ஆடையைச் சித்திரை வெயிலில் மொட்டை மாடித் தளத்தில் விரித்துப் போடுவதும் நல்லதல்ல. சதுரத்தின் இடது மேல் மூலையில் சாய்கோடு இருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும் என்று பொருள். நம் வெயிலுக்கு மிகவும் தேவையான குறி இதுதான். கண்டுகொள்ளப்படாத குறியும் இதுதான்.

சாயம் போகாத துணி

'கலர்ஃபாஸ்ட்' என்பதற்கு ஐந்து வடிவங்களில் எதிலும் குறி இல்லை. அது சொல்லாக மட்டுமே வரும். அதைச் சொல்ல முடியாத ஆடையில் 'தனியாகத் துவைக்கவும்' அல்லது 'ஒத்த நிறங்களோடு துவைக்கவும்' என்று இருக்கும். வாங்குபவர் இந்த இரு வாசகங்களையும் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

சாய உறுதி என்பது ஒரே குணம் கிடையாது. துவைப்புக்கு உறுதியாக இருக்கும் சாயம் வெயிலுக்கு வெளிறலாம். வெயிலைத் தாங்கும் சாயம் வியர்வைக்குக் கரையலாம். சோதனைச் சாலையில் இவை தனித்தனியாகவே பார்க்கப்படுகின்றன. துவைப்புச் சோதனையில், சாயத் துணியின் ஒரு துண்டோடு ஆறு வகை வெள்ளை இழைகள் வரிசையாக நெய்யப்பட்ட நாடா ஒன்றைச் சேர்த்துத் தைக்கிறார்கள். அசிட்டேட், பருத்தி, நைலான், பாலியஸ்டர், அக்ரிலிக், கம்பளி என்பவை அந்த ஆறு. சோப்புக் கரைசலில், சிறு எஃகுக் குண்டுகளோடு, குறித்த சூட்டில் அரைமணி நேரம் போலச் சுழற்றி எடுத்து இரண்டு கேள்விகளுக்கு விடை காண்கிறார்கள். துணியின் நிறம் எவ்வளவு மாறியது? பக்கத்து வெள்ளையில் எவ்வளவு ஒட்டியது? சாம்பல் நிற அளவுகோலோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை. வெயிலுக்கு வேறு அளவுகோல். நீலச் சாயமிட்ட கம்பளித் துண்டுகள் எட்டைக் கொண்டு 1 முதல் 8 வரை மதிப்பிடுவது அது. கருநீல ஜீன்ஸ் ஈரத் தேய்ப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் வாங்குவது வழக்கம். மழையில் நனைந்த ஜீன்ஸோடு வெளிர்நிற சோபாவில் உட்கார்ந்தால் கறை படுவது இதனால்தான்.

பருத்திக்கு இன்று மிகுதியாகப் போடப்படுவது ரியாக்டிவ் சாயம். இந்தச் சாயம் பருத்தி இழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துவிடும். அப்படிச் சேர்ந்த சாயம் எளிதில் போகாது. பிறகு ஏன் ரியாக்டிவ் சாயமிட்ட சிவப்புச் சுடிதார் முதல் துவைப்பில் தண்ணீரைச் சிவக்க வைக்கிறது? சாயத் தொட்டிக்குள் சோடா காரம் சேர்த்ததும் சாயம் இழையோடு பிணைகிறது. அதே நேரத்தில் அதில் ஒரு பகுதி தண்ணீரோடும் வினைபுரிந்துவிடுகிறது. தண்ணீரோடு வினைபுரிந்த சாயத்துக்கு இழையைப் பற்றும் திறன் போய்விட்டது. ஆனால் அது இழைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை வெளியேற்றச் சாயம் போட்ட பிறகு கொதிநிலைக்குப் பக்கத்திலான சூட்டில் சோப்புக் கரைசலில் அலச வேண்டும். பலமுறை தண்ணீர் மாற்றவும் வேண்டும். தண்ணீரும் விறகும் நேரமும் அதிகம் பிடிக்கிற கட்டம் இதுதான். இங்கே ஒரு அலசலைக் குறைத்தால் கடையில் துணி பளிச்சென்றுதான் இருக்கும். குறை வீட்டு வாளியில் தெரியும்.

புதுத் துணியைக் கல்லுப்பு கரைத்த தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிலைக்கும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. உப்புக்குச் சாயப்பட்டறையில் உண்மையான வேலை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை இழையை நோக்கித் தள்ளுவது அந்த வேலை. பிணைப்பை உண்டாக்குவது சோடா காரம், உப்பு இல்லை. எனவே சாயம் போட்டு முடித்து, தைத்து, விற்ற துணியை உப்பில் ஊறவைத்தால் அந்த வாளியில் சாயம் குறைவாகக் கசியலாம். அடுத்த வாளியில், உப்பில்லாத தண்ணீரில், கசியத்தான் செய்யும். உப்பில் ஊறவைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போடுவதுதான் ஆபத்து.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை இது. வெள்ளைப் பருத்தித் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து, ஆடையின் உள்மடிப்பில், வெளியே தெரியாத தையல் ஓரத்தில், பத்துப் பதினைந்து முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்த ஆடையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். இரண்டு மூன்று துவைப்புக்குப் பிறகு மீண்டும் தேய்த்துப் பார்க்கலாம். நிறம் ஏறுவது தேய்ந்து நின்றுவிட்டால் அது அலசாமல் விட்ட உபரிச் சாயம். அதன்பின் பயமில்லை. பத்தாவது துவைப்பிலும் அதே அளவு ஏறினால் சாயமே பிணையாத வகை, எந்தக் கைமருந்தும் உதவாது. கறை பட்ட வெள்ளைத் துணியை உலரவிடாமல், ஈரமாக இருக்கும்போதே சோப்போடு மீண்டும் அலச வேண்டும். உலர்ந்து இஸ்திரியும் போட்டுவிட்டால் அதை எடுப்பது கடினம்.

சாயம் போகும் துணிக்குப் பராமரிப்புக் குறிப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சென்னையோடு தொடர்புள்ள ஒரு வரலாறு துணி வணிகத்தில் வழங்கி வருகிறது. 1958இல் அமெரிக்க இறக்குமதியாளர் ஒருவர் மெட்ராஸ் கட்டம்போட்ட கைத்தறித் துணியை வாங்கிச் சென்றார். அதைக் குளிர்ந்த நீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். துணி புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனபோது அந்தக் குறிப்பு கூடவே போகவில்லை. இயந்திரத்தில் போட்டவர்களின் சட்டைகள் நிறம் கலங்க, புகார்கள் குவிந்தன. பிறகு விளம்பரத்தில் வழி கண்டார்கள். துவைக்கத் துவைக்க நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுப்புது வடிவம் தரும் துணி என்று 'பிளீடிங் மெட்ராஸ்' கொண்டாடப்பட்டு, 1960களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே புகழ்பெற்றது. விற்றவர் சொன்ன ஒரு வாக்கியம் வாங்குபவரைச் சென்றடைந்திருந்தால் அந்தப் புகார்களுக்கே இடமிருந்திருக்காது.

டிரை கிளீன் ஒன்லி

நம் ஊரில் 'டிரை வாஷ்' என்று சொல்லப்படும் டிரை கிளீனிங்கில் திரவம் இல்லாமல் இல்லை. தண்ணீர்தான் இல்லை. துணியை ஒரு கரைப்பானில் முக்கி, உருளைக்குள் சுழற்றி, கரைப்பானை ஆவியாக்கி மீட்டெடுக்கிறார்கள். லேபிளின் வட்டத்துக்குள் உள்ள எழுத்து எந்தக் கரைப்பான் என்பதைச் சலவைக் கடைக்காரருக்குச் சொல்கிறது. 'பி' என்றால் பெர்குளோரோஎதிலீன் உட்பட வழக்கமான கரைப்பான்கள். 'எஃப்' என்றால் மென்மையான ஹைட்ரோகார்பன் வகை மட்டும். 'டபிள்யூ' என்றால் தண்ணீரிலேயே, ஆனால் தொழில்முறைக் கருவிகளோடு செய்யும் சலவை.

தண்ணீர் இல்லாததால் என்ன நன்மை? பட்டு, கம்பளி, பருத்தி, ரேயான் எல்லாம் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன. உப்பி உலரும்போது சுருங்கும், நெளியும். தண்ணீரில் கரையும் சாயம் கசியும். கரைப்பான் இந்த இழைகளை உப்ப வைப்பதில்லை. அதனால் கோட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் விறைப்புத் துணி, தோள் திண்டு, உள்வரித் துணி எல்லாம் தத்தம் அளவில் நிற்கும். கோட்டுக்கு 'டிரை கிளீன் ஒன்லி' போடுவது பெரும்பாலும் மேல்துணிக்காக அல்ல. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்கக்கூடிய நான்கைந்து அடுக்குகள் உள்ளே இருப்பதுதான் காரணம்.

'டிரை கிளீன்' என்பதும் 'டிரை கிளீன் ஒன்லி' என்பதும் ஒன்றல்ல. பாதுகாப்பான ஒரு முறையைச் சொன்னால் போதும் என்பது அமெரிக்க விதி. எனவே வெறும் 'டிரை கிளீன்' என்று எழுதிய ஆடை தண்ணீரையும் தாங்கக்கூடும், உற்பத்தியாளர் சொல்லாமல் விட்டிருக்கலாம். 'ஒன்லி' சேர்ந்தால் அது எச்சரிக்கை. தொட்டியின் மேல் பெருக்கல் குறியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். பளபளப்புப் பொட்டுகளும் ஒட்டுக் கற்களும் உள்ள ஆடைகளில் நேர்மாறான ஆபத்து உண்டு. பசையையும் சிலவகைப் பிளாஸ்டிக்கையும் கரைப்பான் கரைத்துவிடும். அத்தகைய ஆடைகளில் வட்டத்தின் மேல் பெருக்கல் குறி வரும்.

காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பச்சை உடல், அரக்குச் சிவப்புக் கரை, ஜரிகை, முந்தியில் ஒரு இடத்தில் பாயசம் சிந்திய கறை, கைக்குட்டை அளவுக்கு வியர்வை பட்ட இடம். கரையும் உடலும் தனித்தனியே சாயமிட்ட பட்டு. தண்ணீரில் முக்கினால் அரக்குச் சாயம் பச்சைக்குள் இறங்கும் வாய்ப்பு உண்டு. தறியில் இழுவிசையோடு நெய்த பட்டு நனைந்தால் சுருங்கும், ஜரிகை சுருங்காது. அதனால் கரை ஓரம் சுருக்குச் சுருக்காக நிற்கும். இந்தப் புடவைக்குத் தண்ணீர் கூடாது என்பது சரிதான். கரைப்பானுக்கும் ஒரு எல்லை உண்டு. அது நெய்யைக் கரைக்கும், சர்க்கரையையும் வியர்வை உப்பையும் கரைக்காது. பாயசக் கறையின் நெய் போய், சர்க்கரை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும். அந்தக் கறையின் மேல் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் அது பழுப்பாகி நிலைத்துவிடும். சலவைக்குப் போன பிறகு புதிதாக மஞ்சள் கறை வந்தது என்று கடைக்காரரோடு சண்டை வருவது இப்படித்தான். கடைக்காரர் கறையின் இடத்தை முன்கூட்டியே அறிந்தால், அந்த இடத்துக்கு மட்டும் ஈரப் பக்குவம் செய்து, சாயம் தாங்குகிறதா என்று ஓரத்தில் பார்த்து, பிறகே உருளையில் போடுவார்.

பெர்குளோரோஎதிலீன் உடலுக்குக் கேடானது என்பதால், டிரை கிளீனிங்கில் அதன் பயன்பாட்டைப் பத்து ஆண்டுகளில் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் இறுதி விதி வெளியிட்டது. சலவையிலிருந்து வந்த துணியில் கரைப்பான் வாசனை இருந்தால், பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டு, வாசனை போன பிறகே பீரோவில் வையுங்கள். புடவையைக் கொடுக்கும்போது கறை எங்கே இருக்கிறது, எதனால் பட்டது, எத்தனை நாளாயிற்று என்று கடைக்காரரிடம் சொல்லிக் கொடுங்கள்.